நாலு நாள் வேலை, ரெண்டு நாள் ஆஃப்: தீபாவளியன்று எந்த ஷிப்ட்?

மறைமலை நகரில் ஜிஎஸ்டி சாலை ஓரத்திலும் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் சாலையிலும் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். ஊரிலிருந்து போன் வந்தால் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “தீபாவளிக்கு லீவு இருக்கா? எந்த ஷிப்ட்?” வாரம் ஒரு ஷிப்ட், ஞாயிறு விடுமுறை என்று வேலை செய்பவருக்கு இது பெரிய கேள்வி இல்லை. விரலை மடக்கி வாரங்களை எண்ணிச் சொல்லிவிடுவார். நாலு நாள் வேலை, ரெண்டு நாள் ஆஃப் என்று சுழலும் முறையில் இருப்பவருக்கு அது முடியாது. அவருடைய சுற்று வாரத்தோடும் ஒத்துப்போகாது, மாதத்தோடும் ஒத்துப்போகாது. இந்த மாதம் செவ்வாயும் புதனும் ஆஃப் என்றால், அடுத்த மாதம் அது வேறு கிழமைகளில் நிற்கும். சூப்பர்வைசரைக் கேட்டால், “அடுத்த மாச சார்ட் இன்னும் போடலை” என்பார். ஆனால் சார்ட் போடும் முன்பே, ஐந்து மாதம் கழித்து வரும் ஒரு தேதிக்கும் விடை கண்டுபிடித்துவிடலாம். ஒரு கழித்தலும் ஒரு வகுத்தலும் போதும். அந்தக் கணக்கு எங்கே சரியாக வரும், எங்கே ஆளைக் கவிழ்க்கும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

இப்படி ஒரு சுழற்சி ஏன் வேண்டியிருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கார் அசெம்பிளி லைனை ஞாயிற்றுக்கிழமை நிறுத்தித் திங்கட்கிழமை ஓட்டலாம். கண்ணாடி உருக்கும் உலையை அப்படி நிறுத்த முடியாது. மூட்டினால் பல ஆண்டுகளுக்கு அணையாமல் எரிய வேண்டும். கம்ப்ரசர் அறை, மின்சார சப்ஸ்டேஷன், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, செக்யூரிட்டி, மருத்துவமனை வார்டு என்று ஞாயிறு பார்க்காத வேலைகள் இந்த வழித்தடத்தில் நிறைய உண்டு. அங்கே எல்லோருக்கும் ஒரே நாளில் லீவு தர முடியாது. ஆகவே ஆட்களை பேட்ச் பேட்சாகப் பிரித்து, ஒவ்வொரு பேட்ச்சின் ஆஃபையும் நகர்த்திக்கொண்டே போகிறார்கள்.

எட்டு மணி நேர ஷிப்ட் மூன்று உள்ள இடத்தில் இந்த முறையின் முழு வடிவம் இதுதான். ஏ ஷிப்ட் காலை 6 முதல் பிற்பகல் 2 வரை. பி ஷிப்ட் 2 முதல் இரவு 10 வரை. சி ஷிப்ட் இரவு 10 முதல் மறுநாள் காலை 6 வரை. நாலு நாள் ஏ, இரண்டு நாள் ஆஃப். நாலு நாள் பி, இரண்டு நாள் ஆஃப். நாலு நாள் சி, இரண்டு நாள் ஆஃப். பிறகு மீண்டும் ஏ. மொத்தம் 18 நாள்.

பலர் சறுக்குவது இந்த 18இல்தான். நாலும் இரண்டும் ஆறு என்பதால் 6ஆல் வகுத்துவிடுகிறார்கள். 6ஆல் வகுத்து வரும் மீதி, அன்று வேலையா ஆஃபா என்று மட்டுமே சொல்லும். எந்த ஷிப்ட் என்பதைச் சொல்லாது. காலை 6 மணிக்கு உள்ளே நிற்க வேண்டுமா, இரவு 10 மணிக்கு கேட்டில் பஞ்ச் அடிக்க வேண்டுமா என்று தெரிய வேண்டுமானால் 18ஆல் வகுக்க வேண்டும். எப்போதும் ஒரே ஷிப்டில் இருப்பவருக்கு 6 போதும். பகல், இரவு என்று இரண்டே ஷிப்டில் நாலு நாள் பகல், இரண்டு ஆஃப், நாலு நாள் இரவு, இரண்டு ஆஃப் என்று மாறுபவருக்கு 12.

இனி கணக்குக்கு வருவோம். 18 நாள் சுற்றில் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் இட எண் கொடுத்துக்கொள்ளலாம். எண்ணிக்கையை 1இல் தொடங்காமல் 0இல் தொடங்க வேண்டும். அதற்குக் காரணம் இருக்கிறது; பின்னால் சொல்கிறேன். ஏ ஷிப்டின் நாலு நாள் 0, 1, 2, 3. ஆஃப் 4, 5. பி ஷிப்ட் 6 முதல் 9 வரை. ஆஃப் 10, 11. சி ஷிப்ட் 12 முதல் 15 வரை. ஆஃப் 16, 17. இந்த அட்டவணையை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டால், அதற்கு மேல் வேண்டியது நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஒரு நாள். அதைத் தொடக்க நாள் என்போம்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2026 ஜூன் 1, திங்கட்கிழமை. அன்று அவருக்கு ஏ ஷிப்டின் முதல் நாள் என்று வைத்துக்கொள்வோம். இட எண் 0. தீபாவளி 2026 நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அன்று அவர் எங்கே இருப்பார்?

ஜூன் 1இலிருந்து ஜூலை 1 வரை 30 நாள். ஜூலை 1இலிருந்து ஆகஸ்ட் 1 வரை 31, கூட்டினால் 61. செப்டம்பர் 1க்கு இன்னொரு 31, 92. அக்டோபர் 1க்கு 30, 122. நவம்பர் 1க்கு 31, 153. அங்கிருந்து நவம்பர் 8க்கு 7. மொத்தம் 160 நாள். 160ஐ 18ஆல் வகுத்தால் எட்டுச் சுற்று போக (144) மீதி 16. அட்டவணையில் 16 என்பது சி ஷிப்ட் முடிந்து வரும் முதல் ஆஃப். அதாவது தீபாவளி ஞாயிறு அவருக்கு ஆஃப். மறுநாள் திங்களும் ஆஃப். செவ்வாய் 10ஆம் தேதி காலை 6 மணிக்கு ஏ ஷிப்ட்.

மேலே கூட்டியபோது ஒன்றைக் கவனித்திருக்கலாம். ஜூன் 1ஐயும் நவம்பர் 8ஐயும் சேர்த்து எண்ணவில்லை. ஒரு தேதியிலிருந்து மற்றதைக் கழித்தோம். ஜூன் 1ஐ “ஒன்று” என்று தொடங்கிக் காலண்டரில் விரல் வைத்து எண்ணினால் 161 வரும். மீதி 17 ஆகி, விடை ஒரு நாள் பிசகிவிடும். தொடக்க நாளுக்கு 0 என்ற இடத்தைக் கொடுப்பது இந்தப் பிசகைத் தடுக்கத்தான். தொடக்க நாள் ஏ ஷிப்டின் முதல் நாளாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. நேற்று பி ஷிப்டின் மூன்றாம் நாள் என்று தெரிந்தால் அதன் இட எண் 8. நேற்றிலிருந்து வேண்டிய தேதி வரைக்கும் உள்ள நாட்களோடு 8ஐக் கூட்டி 18ஆல் வகுத்தால் விடை அதேதான்.

பஞ்சாங்கக் கணிதர்களுக்கு இது புதிதல்ல. கலியுகத் தொடக்கத்திலிருந்து இன்றுவரை கழிந்த நாட்களை ஒரே எண்ணாக எண்ணுவதை அகர்கணம் என்பார்கள். அதை 7ஆல் வகுத்து வரும் மீதியை வெள்ளிக்கிழமையிலிருந்து எண்ணினால் அன்றைய கிழமை கிடைக்கும். கலியின் முதல் நாள் வெள்ளி என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. மாதத்துக்கு 30 நாளா 31 நாளா, லீப் ஆண்டா இல்லையா என்ற சிக்கல்கள் எல்லாம் அந்த ஒற்றை எண்ணில் கரைந்துவிடும். ஐரோப்பாவில் ஜோசப் ஸ்காலிஜர் 1583இல் முன்வைத்த ஜூலியன் காலவட்டத்தை ஒட்டி வளர்ந்த ஜூலியன் நாள் எண்ணிக்கையும் இதே வேலையைச் செய்கிறது. எக்செல் தேதியைச் சேமித்து வைப்பதும் இப்படி ஓர் எண்ணாகத்தான். கம்பெனி சுற்று 7க்குப் பதில் 18, அவ்வளவே.

ஆனால் தீபாவளி விஷயத்தில் இன்னும் முடியவில்லை. கணக்கு “ஆஃப்” என்று சொன்னதை வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போன் செய்து, “விடியக்காலை எண்ணெய் தேய்க்கும்போது நான் அங்கே இருப்பேன்” என்று சொன்னால் அது நடக்காது. நவம்பர் 7, சனிக்கிழமை, இட எண் 15. சி ஷிப்டின் நாலாம் நாள். அன்று இரவு 10 மணிக்கு உள்ளே போகிறவர், வெளியே வருவது 8ஆம் தேதி காலை 6 மணிக்கு. ஊரெல்லாம் கங்கா ஸ்நானம் முடிந்து வெடி போடும் நேரத்தில் அவர் பிளாண்ட்டில்தான் இருப்பார். காலண்டரில் ஆஃப் என்று சிவப்பில் குறித்த நாளின் முதல் ஆறு மணி நேரம் அவருடையது அல்ல.

இதில் நிர்வாகத்தின் தந்திரம் எதுவும் இல்லை. சட்டமே நாளை அப்படித்தான் வரையறுத்தது. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 57ஆவது பிரிவு, நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டைப் பற்றி இரண்டு விஷயங்களைச் சொன்னது. அத்தகைய தொழிலாளிக்கு ஒரு முழு நாள் விடுமுறை என்றால், அவருடைய ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடர்ச்சியாக 24 மணி நேரம். நள்ளிரவுக்குப் பிறகு அவர் வேலை செய்த நேரம் முந்தைய நாளின் கணக்கில் சேரும். ஆகவே டைம் ஆபீஸ் பதிவேட்டில் அந்த இரவு முழுவதும் 7ஆம் தேதி. 8ஆம் தேதி அவர் பெயருக்கு நேரே ஆஃப். பதிவேடும் சரி, கணக்கும் சரி. வீட்டுக்கு வரும் நேரம்தான் வேறு.

சி ஷிப்டுக்குப் பிறகு வரும் ஆஃப் மற்ற ஆஃபைவிடச் சிறியது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. ஏ ஷிப்டின் கடைசி நாள் பிற்பகல் 2 மணிக்கு வெளியே வருபவர் அடுத்து பி ஷிப்டுக்கு 2 மணிக்குத்தான் வர வேண்டும். இடையில் 72 மணி நேரம். பி முடிந்து இரவு 10க்குக் கிளம்புபவருக்கு அடுத்த சி ஷிப்ட் இரவு 10 மணிக்கு, அதுவும் 72. சி முடிந்து காலை 6க்கு வருபவர் இரண்டு நாள் கழித்துக் காலை 6க்கே ஏ ஷிப்டில் நிற்க வேண்டும். 48 மணி நேரம்தான். அதிலும் முதல் பகல் தூக்கத்தில் போய்விடும். மூன்று ஆஃபும் சார்ட்டில் இரண்டு கட்டங்களாகவே தெரிந்தாலும், திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ போய்வர உதவுவது ஏ, பி ஷிப்டுகளுக்குப் பின் வரும் ஆஃப்தான். ஊர்ப்பயணம் திட்டமிடுபவர் இட எண் 4ஐயும் 10ஐயும் தேட வேண்டும். 16ஐ நம்பக் கூடாது. சில இடங்களில் ஏ, சி, பி என்று பின்னோக்கிச் சுழற்றுகிறார்கள். அங்கே இந்த மணிக்கணக்கு மாறும்: ஏக்குப் பின் 80, சிக்குப் பின் 56, பிக்குப் பின் 56.

அதற்கு அடுத்த கேள்வி ரயில் டிக்கெட். 2024 நவம்பர் 1 முதல் ரயில்வே முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தது. பயண நாள் அதில் சேராது. 60 என்பது 6இன் மடங்கு. அதனால், முன்பதிவு திறக்கும் நாளில் ஒருவர் தன் நாலு நாள் வேலையில் எத்தனையாவது நாளில் இருக்கிறாரோ, பயண நாளிலும் அதே நாளில்தான் இருப்பார். முன்பதிவு திறக்கும் அன்று ஆஃப் என்றால் பயண நாளும் ஆஃப். அன்று வேலை என்றால் பயண நாளும் வேலை. லீவு போட்டால்தான் போக முடியும். 18ஆல் வகுத்தால் 60க்கு மீதி 6. அதாவது ஷிப்ட் ஒரு படி முன்னேறியிருக்கும். நம் தொழிலாளி நவம்பர் 8 காலை ஷிப்ட் முடித்து ரயிலேற நினைத்தால், அந்தத் தேதிக்கு முன்பதிவு திறப்பது செப்டம்பர் 9. ஜூன் 1இலிருந்து 100 நாள், மீதி 10. பி ஷிப்ட் முடிந்த முதல் ஆஃப். காலை 8 மணிக்கு நிதானமாக உட்கார்ந்து டிக்கெட் போடலாம். பழைய 120 நாளும் 6இன் மடங்கே என்பதால் இந்தப் பொருத்தம் அப்போதும் இருந்தது. இதைத் தெரிந்தவர் எந்தச் சார்ட்டையும் பார்க்க வேண்டியதில்லை. டிக்கெட் போட உட்காரும் அன்றைக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதே விடை.

ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடும்பத்தில் அதிகம் மனஸ்தாபம் வருவது அதில்தான். ஒரு ஞாயிறிலிருந்து அடுத்த ஞாயிறு 7 நாள். 6 நாள் சுற்றில் அது ஓர் இடம் முன்னே போகிறது. ஆகவே ஞாயிறுகளும் தங்களுக்குள் நாலு வேலை, இரண்டு ஆஃப் என்றே சுழல்கின்றன. தொடர்ந்து நாலு ஞாயிறு வேலை. பிறகு அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு ஆஃப். சனியும் ஞாயிறும் சேர்ந்து ஆஃப் வருவது ஆறு வாரத்துக்கு ஒரு முறை மட்டும். பிள்ளைகளின் பள்ளிக் கூட்டம், சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எல்லாம் ஞாயிறில் விழுவதால், “உனக்கு மட்டும் எப்பவும் டூட்டியா?” என்ற பேச்சு வருகிறது. அந்த நாலு வாரத்தில் அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. 126 நாளில், அதாவது 18 வாரத்தில், கிழமையும் ஷிப்டும் ஒன்றாகப் பழைய இடத்துக்குத் திரும்பும். அந்த 18 ஞாயிறில் ஆறு ஆஃப்.

இதைவிடக் கடுமையான ஒன்று, பேட்ச்களுக்கு இடையிலான உறவு. ஒவ்வொரு பேட்ச்சும் 18 நாளில் 12 நாள் வேலை செய்கிறது. தினமும் மூன்று ஷிப்டிலும் ஆள் நிற்க வேண்டுமானால் நாலரை பேட்ச் தேவை. அரை பேட்ச் என்று ஒன்று இல்லாததால், ஆட்களை ஒன்பது சிறு பேட்ச்களாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று இரண்டு நாள் தள்ளித் தொடங்குவார்கள். எந்த நாளைப் பார்த்தாலும் ஆறு பேட்ச் வேலையில், மூன்று பேட்ச் ஆஃபில். ஷிப்டுக்கு இரண்டிரண்டு பேட்ச். கணக்கு கச்சிதமாக அமைந்துவிடுகிறது. ஆனால் ஆஃப் நாள்களைப் பொறுத்தவரை இந்த ஒன்பதும் மூன்று குழுக்கள்தான். ஒரு குழுவுக்கு ஆஃப் இருக்கும் நாளில் மற்ற இரண்டு குழுக்களும் வேலையில் இருக்கும். அந்தச் சுற்று தொடரும் வரை, வேறு வேறு குழுவில் இருக்கும் இருவருக்கு ஒரே நாளில் ஆஃப் வரவே வராது. கணவன் ஒரு குழு, மனைவி ஒரு குழு என்றால், சார்ட்டைப் பார்த்து அடுத்த மாதமாவது சேருமா என்று காத்திருப்பதில் பயனில்லை. ஒருவர் பேட்ச் மாறினால்தான் உண்டு. பேட்ச் மாற்றம் கேட்டு மனு எழுதுபவர்கள் இந்தக் காரணத்தை அப்படியே எழுதலாம். “குடும்பச் சூழ்நிலை” என்று பொதுவாக எழுதுவதைவிட அதற்கு வலு அதிகம்.

கைக்கணக்கைச் சுருக்க ஒரு வழி உண்டு. வேலையா ஆஃபா என்பது மட்டும் போதும் என்றால், 30 நாள் மாதம் சுற்றை நகர்த்துவதே இல்லை. 30ஐ 6 மீதியின்றி வகுத்துவிடும். செப்டம்பர் 9 ஆஃபின் முதல் நாள் என்றால் அக்டோபர் 9உம் ஆஃபின் முதல் நாளே. 31 நாள் மாதம் ஓர் இடம் நகர்த்தும். 28 நாள் பிப்ரவரி நாலு இடம். 365 நாள் ஆண்டுக்கு மீதி 5. 6ஆல் வகுத்தாலும் 18ஆல் வகுத்தாலும் அதே 5தான். எனவே அடுத்த ஆண்டு இதே தேதி என்றால் இட எண்ணோடு 5ஐக் கூட்டினால் போதும். 2028இல் பிப்ரவரி 29 வருவதால், அதைத் தாண்டும் கணக்கில் 6 கூட்ட வேண்டும்.

மொபைலில் கூகுள் ஷீட்ஸோ எக்செல்லோ இருப்பவர்கள் ஒரே வரியில் முடித்துக்கொள்ளலாம்:

```
=MID("AAAA--BBBB--CCCC--",MOD(DATE(2026,11,8)-DATE(2026,6,1),18)+1,1)
```

மேற்கோளுக்குள் இருப்பது 18 நாள் சுற்று. கோடு என்றால் ஆஃப். முதல் தேதி நாம் கேட்கும் நாள், இரண்டாவது தொடக்க நாள். விடையாகக் கோடு வந்தால் ஆஃப். கடந்துபோன தேதியைக் கொடுத்தாலும் இதில் MOD சரியான மீதியையே தரும். அதனால் பழைய சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க இது உதவும். சில கணினி மொழிகளில் % குறி எதிர்மறை மீதியைத் தரும் என்பதை நிரல் எழுதுபவர்கள் மறக்கக் கூடாது.

தேதியை DATE என்று எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கட்டத்தில் 8/11/2026 என்று தட்டினால், அமெரிக்க முறையில் அமைந்த ஷீட் அதை ஆகஸ்ட் 11 என்று எடுத்துக்கொள்ளும். நம் உதாரணத்தில் ஆகஸ்ட் 11க்கு 71 நாள், மீதி 17, அதுவும் ஆஃப்தான்! தவறான தேதிக்கு வந்த விடை, சரியான விடையைப் போலவே தெரியும். தொடக்க நாளையும் 1/6/2026 என்று தட்டியிருந்தால் அது ஜனவரி 6 ஆகி, விடை ஏ ஷிப்ட் என்று வரும். எந்த ஷீட்டையும் நம்புவதற்கு முன், போன வாரம் வேலை பார்த்த இரண்டு மூன்று நாள்களைக் கொடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதில் ஒன்று சி ஷிப்ட் நாளாக இருப்பது நல்லது.

இவ்வளவு சரியாகச் செய்தும் கணக்கு பொய்க்கும் இடம் ஒன்று இருக்கிறது: பிளாண்ட் ஷட்டவுன். பராமரிப்புக்காக ஒரு வாரம் மூடினால், சில இடங்களில் சுற்று காகிதத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். திறக்கும் நாளில் எந்த இடம் வருகிறதோ அங்கிருந்து தொடரும். சில இடங்களில் சுற்றை நிறுத்திவைத்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். அக்டோபரில் ஏழு நாள் மூடி, சுற்றையும் நிறுத்திவைத்தார்கள் என்று வைத்துக்கொண்டால், 160இலிருந்து 7ஐக் கழிக்க வேண்டும். 153க்கு மீதி 9. தீபாவளியன்று நம் ஆளுக்குப் பி ஷிப்டின் நாலாம் நாள். ஆஃப் போயே போய்விட்டது. ஆகவே ஷட்டவுன் அறிவிப்பு வந்தால் கேட்க வேண்டியது, “எத்தனை நாள்?” என்பது மட்டுமல்ல, “சுற்று ஓடுமா, நிற்குமா?” என்பதும்தான். திறந்த முதல் நாளைப் புதிய தொடக்க நாளாக எழுதிக்கொள்வதே பாதுகாப்பு.

தனித்தனியாக வரும் விடுமுறைகள் வேறு விஷயம். தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழில் நிறுவனங்கள் குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கோடு ஐந்து பண்டிகை விடுமுறைகளும் தர வேண்டும். இந்த ஒற்றை நாள்களுக்காகச் சுற்றை நிறுத்துவது வழக்கம் இல்லை. சுற்று ஓடும், அந்த ஒரு நாளுக்குத்தான் லீவோ, வேலை செய்தால் அதற்கான ஈடோ. தீபாவளி ஏற்கெனவே ஆஃபில் விழுந்தால் அந்தப் பண்டிகை விடுமுறைக்கு மாற்று நாள் உண்டா என்பது அந்தந்த நிறுவனத்தின் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. யூனியனிடம் முன்கூட்டிக் கேட்டுவிடுவது நல்லது.

கணக்கும் நடப்பும் ஒத்துப்போகவில்லை என்றால், எத்தனை இடம் பிசகியது என்று பார்த்தாலே காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஓர் இடம் பிசகினால், தொடக்க நாளையும் சேர்த்து எண்ணியிருப்பார்கள். இல்லையென்றால் இரவு ஷிப்டை முடிந்த தேதியில் எழுதியிருப்பார்கள். ஆஃப் நாள் சரியாக இருந்து ஷிப்ட் மட்டும் மாறினால் பிசகு 6 அல்லது 12; ஏ, பி, சி வரிசையைத் தலைகீழாக எடுத்திருப்பார்கள், அல்லது 6ஆல் வகுத்துவிட்டு ஷிப்டை ஊகித்திருப்பார்கள். இரண்டு அல்லது நாலு இடம் பிசகினால் வேறு பேட்ச்சின் சார்ட்டைப் பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். ஷட்டவுன் நீடித்த நாள்களின் அளவுக்குப் பிசகினால், சுற்றை நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஒரு நாள் வேறு பேட்ச்சுக்கு ரிலீவராகப் போனதோ, டபுள் ஷிப்ட் பார்த்ததோ சுற்றை மாற்றாது. அந்த நாளை மட்டும் தொடக்க நாளாக எடுக்கக் கூடாது.

பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் இதே நாலு-இரண்டு முறையை மூன்று பேட்ச் கொண்டு நடத்திவிடலாம். இரண்டு நாள் பகல், இரண்டு நாள் இரவு, இரண்டு நாள் ஆஃப். அங்கே முழுச் சுற்றே 6 நாள் என்பதால் கணக்கு இன்னும் எளிது. ஆனால் ஆறு நாளில் 48 மணி நேரம் என்றால் வாரச் சராசரி 56 மணி. தொழிற்சாலைகள் சட்டம் வைத்த வார வரம்பு 48. எட்டு மணி நேர வடிவத்தில் வாரச் சராசரி 37 மணிக்குச் சற்று மேல். நிர்வாகங்கள் ஏன் பன்னிரண்டை விரும்புகின்றன, தொழிலாளர்கள் ஏன் எதிர்க்கிறார்கள் என்பது இந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது. வேலை நேரத்தை நெகிழ்த்தும் திருத்தத்தைத் தமிழக சட்டமன்றம் 2023 ஏப்ரல் 21இல் நிறைவேற்றியதும், எதிர்ப்பால் மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்ததும் இந்தப் பகுதியில் யாருக்கும் மறந்திருக்காது.

டைம் ஆபீஸில் இருப்பவர்களுக்கும் ஷிப்ட் இன்சார்ஜ்களுக்கும் ஒரு வேண்டுகோள். வேலை நேர அறிவிப்பைத் தொழிற்சாலையில் ஒட்டிவைக்க வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் 61ஆவது பிரிவு சொன்னது. அதை எல்லோரும் செய்கிறீர்கள். அதே பலகையில் இன்னும் மூன்று வரி சேருங்கள்: ஒவ்வொரு பேட்ச்சுக்கும் தொடக்கத் தேதி எது, சுற்றின் வரிசை என்ன, ஷட்டவுனில் அந்தச் சுற்று ஓடுமா, நிற்குமா. மாதக் கடைசியில் வரும் சார்ட்டுக்காகக் காத்திருக்காமல், தீபாவளி டிக்கெட்டைச் செப்டம்பரிலேயே போட அந்த மூன்று வரி போதும்.